2 ஆர்டர்தான் வந்தது என்று அவேர்னஸ் விளம்பரத்தை நிறுத்தியது சரியா?

வாசகர் கேள்வி

"நானும் தம்பியும் போடி பக்கம் இலவம்பஞ்சு மெத்தை தயாரித்து சொந்த வெப்சைட்டில் விற்கிறோம். சராசரி ஆர்டர் 14,000 ரூபாய். பஞ்சு, துணி, தையல், பேக்கிங், பார்சல் வாடகை, ஜிஎஸ்டி போக 4,900 நிற்கும். 100 ஆர்டரில் 12 கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வந்துவிடும். ஒன்று திரும்பினால் போக வர வாடகை 1,400 ரூபாய் போச்சு. மாதம் 3 லட்சம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போடுகிறோம், முழுக்க சேல்ஸ் கேம்பெயின். போன வருடம் ரோஆஸ், அதாவது விளம்பரத்தில் போட்ட ஒரு ரூபாய்க்கு வந்த விற்பனை, 5 இருந்தது, இப்போது 3.2. ஒரே ஆளுக்கு வாரத்தில் 9 தடவை விளம்பரம் போகிறது. சைட்டுக்கு மாதம் 25,000 பேர் வருகிறார்கள், எல்லா வழியிலும் சேர்த்து 95 ஆர்டர்.

ஏஜென்சி சொன்னதால் 60,000 ரூபாய்க்கு தமிழ்நாடு முழுக்கப் பெயரைப் பரப்பும் அவேர்னஸ் வீடியோ ஓட்டினோம். 10 லட்சம் இம்ப்ரெஷன், அதாவது அத்தனை தடவை திரையில் வந்தது, 7.5 லட்சம் பேருக்குப் போனதாகக் காட்டியது. 25 நாளில் 2 ஆர்டர். நிறுத்திவிட்டேன். இப்போது பெயரைப் பதிப்பது, சந்தேகம் தீர்ப்பது, விற்பது என்று மூன்று கேம்பெயினாகப் பிரிக்கலாம் என்கிறார்கள், தம்பி வேண்டாம் என்கிறான். இது பெரிய கம்பெனிக்கு மட்டும் சரிப்படுமா? பிரித்தால் எதற்கு எவ்வளவு, எதை வைத்து நல்லது கெட்டது சொல்வது?"

— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்

வணக்கம். அந்த வீடியோ பலன் தந்ததா, காசு வீணா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நீங்களும் ஏஜென்சியும் அதை ஓட்டிய விதத்தில், விடை தெரிவதற்கான வழியே வைக்கவில்லை. அதனால் 2 ஆர்டரைக் காட்டி நீங்கள் அதைத் தோல்வி என்பதையும் ஏற்க முடியாது, 7.5 லட்சம் பேரைக் காட்டி அவர்கள் வெற்றி என்பதையும் ஏற்க முடியாது.

2 ஆர்டர் ஏன் ஆதாரம் ஆகாது என்று பார்ப்போம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் கேம்பெயின் தொடங்கும்போது எந்த நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதற்கு ஏற்ற ஆட்களைத்தான் அது தேடும். சேல்ஸ் என்றால் வாங்கும் பழக்கம் உள்ளவர்களைத் தேடும். அவேர்னஸ் என்றால் குறைந்த செலவில் அதிகம் பேரைச் சேரப் பார்க்கும். அவர்கள் இந்த மாதம் மெத்தை வாங்குவார்களா என்பது அதன் கணக்கிலேயே இல்லை. இன்னொன்று, மெட்டா ஒரு ஆர்டரை ஒரு விளம்பரத்தின் பெயரில் எழுதுவதற்குக் காலவரம்பு உண்டு. வழக்கமான அமைப்பில், கிளிக் செய்து 7 நாளுக்குள், அல்லது பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால்தான் கணக்கில் வரும். 14,000 ரூபாய் மெத்தையை யாரும் ஒரே நாளில் முடிவு செய்வதில்லை. கட்டில் அளவு பார்த்து, வீட்டில் பேசி, சம்பளம் வந்த பிறகு வாங்குவார்கள். 3ஆம் தேதி வீடியோ பார்த்தவர் 26ஆம் தேதி கூகுளில் உங்கள் பெயரைத் தேடி வாங்கினால், வீடியோவின் பெயரில் எதுவும் பதிவாகாது.

ஆனால் அந்தக் கேம்பெயினில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அது உங்கள் எண்ணிலேயே தெரிகிறது. 10 லட்சம் இம்ப்ரெஷன், 7.5 லட்சம் பேர் என்றால், ஒருவருக்குச் சராசரியாக 1.3 தடவைதான் போயிருக்கிறது. 25 நாளில் ஒரே ஒரு முறை கண்ணில் பட்டுக் கடந்துபோன, முன்பின் கேட்டிராத பெயர் மனதில் நிற்காது. 60,000 ரூபாயைத் தமிழ்நாடு முழுக்கத் தெளித்ததால் எந்த ஊரிலும் நனையவில்லை.

3.2 என்ற எண்ணை நம்ப வேண்டாம்

மூன்றாகப் பிரிப்பதற்கு முன் ஒரு கணக்கு. 14,000-ஐ 4,900-ஆல் வகுத்தால் 2.86. ரோஆஸ் அதற்கு மேல் இருந்தால் லாபம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். திரும்பி வரும் ஆர்டரையும் சேர்த்துப் பாருங்கள். 100 ஆர்டரில் 88 நின்றால் 4,31,200 ரூபாய். திரும்பிய 12-க்கு 16,800 நஷ்டம். மீதி 4,14,400. ஆக, பதிவாகும் ஒவ்வொரு ஆர்டரும் உங்களுக்கு 4,144 ரூபாய்தான் தருகிறது. ஒரு ஆர்டரைப் பெற அதிகபட்சம் அவ்வளவுதான் செலவழிக்கலாம். ரோஆஸில் சொன்னால் 3.38. மெட்டா காட்டும் 3.2 அதற்குக் கீழே இருக்கிறது. அனுப்பிய பெட்டி திரும்பி வந்தது மெட்டாவுக்குத் தெரியாது, அது போட்ட ஆர்டரை மட்டும் எண்ணும்.

இருந்தும் நீங்கள் நஷ்டத்தில் இல்லை. 3.2 ரோஆஸ் என்றால் மெட்டா தன் பெயரில் எழுதிக்கொண்டது சுமார் 69 ஆர்டர். சைட்டில் வந்தது 95. அந்த 95-ஐ 4,144-ஆல் பெருக்கினால் 3,93,680. விளம்பரச் செலவு போக 93,680 நிற்கிறது. இனி தொழில் நன்றாகப் போகிறதா என்ற கேள்விக்கு இந்த மொத்தக் கணக்கை மட்டும் பாருங்கள். தனித்தனிக் கேம்பெயினின் எண்கள், எதைத் திருத்த வேண்டும் என்று கண்டுபிடிக்க மட்டுமே.

ரோஆஸ் ஏன் இறங்கியது என்பதற்கு அந்த 9 தடவை பதில் சொல்கிறது. குறைந்த செலவில் ஆர்டர் பிடி என்று மட்டும் சொன்னால், மெட்டா ஏற்கெனவே உங்கள் சைட்டுக்கு வந்தவர்களையே சுற்றிச் சுற்றி வரும். அவர்களில் வாங்கக் கூடியவர்கள் வாங்கி முடித்த பிறகும் பணம் அங்கேயே போகும். விளம்பர மேலாளரில் `Breakdown` பட்டியலில் `Audience segments` என்பதை எடுத்தால், செலவில் எவ்வளவு புதியவர்களுக்கு, எவ்வளவு ஏற்கெனவே பழகியவர்களுக்கு, எவ்வளவு பழைய வாடிக்கையாளருக்குப் போனது என்று தெரியும். கணக்கு அமைப்பில் இந்தக் குழுக்களை முதலில் வரையறுத்தால்தான் அது சரியாகக் காட்டும். பிரிக்கத் தேவையிருக்கிறதா என்று தம்பி கேட்டால் அந்த அட்டவணையைக் காட்டுங்கள்.

நடுவில் ஒரு அளவுகோல் வேண்டும்

வீடியோ பார்ப்பதற்கும் 14,000 ரூபாய் கட்டுவதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. மேலே வீடியோவில் நடந்த வேலை கீழே ஆர்டர் வரை எட்டுகிறதா என்று அறிய, நடுவில் எண்ணக்கூடிய ஒரு செயல் தேவை. உங்கள் பொருளுக்கு அதில் சிறந்தது, மெத்தைப் பக்கத்தில் பின்கோடு போட்டு டெலிவரி உண்டா என்று பார்க்கும் பெட்டி. பெரும்பாலான ஆயத்தக் கடைத்தளங்களில் அதைச் சேர்க்க முடியும். சும்மா பார்ப்பவர் பின்கோடு போடமாட்டார். போடுபவர் தன் வீட்டில் அந்த மெத்தையை நினைத்துப் பார்த்துவிட்டார்.

இதில் இன்னொரு பெரிய லாபம், ஊர் தெரிவது. கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டும் ஊரை நம்ப முடியாது. மொபைல் இணைப்பின் முகவரியை வைத்து ஊகிப்பதால் மதுரைக்காரரும் சென்னை என்று பதிவாகலாம். பின்கோட்டில் அந்தக் குழப்பம் இல்லை. பெட்டியை அழுத்தும்போது `pincode_check` என்ற பெயரில் ஒரு நிகழ்வு மெட்டாவுக்கும் அனலிட்டிக்ஸுக்கும் போகட்டும். அதோடு பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம் போனால் போதும். 625, 641 என்று ஏறக்குறைய மாவட்டவாரியாகப் பிரிக்க அதுவே போதுமானது. ஒரு எச்சரிக்கை: உங்கள் தேனி, போடியும் 625-தான். அவற்றை மதுரையோடு சேர்த்துவிடாமல், உங்கள் சொந்த மாவட்டத்தின் எண்களை மட்டும் முழு ஆறு இலக்கத்தில் வைத்து ஒதுக்கச் சொல்லுங்கள்.

இதை அமைத்துவிட்டு நான்கு வாரம் விளம்பரத்தில் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். அந்த நான்கு வாரத்தில் 3,200 சோதனையும் 95 ஆர்டரும் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு மூன்று. அப்படியானால் ஒரு பின்கோடு சோதனையின் மதிப்பு, 4,144-ல் நூற்றுக்கு மூன்று, சுமார் 124 ரூபாய். மூன்று கேம்பெயினுக்கும் சேர்த்து ஒரு சோதனைக்கு அதற்கு மேல் செலவானால் கையைக் கடிக்கும். உங்கள் விகிதம் வேறாக வரலாம், கணக்கு முறை இதுதான்.

மேல் கேம்பெயின்: மாதம் 70,000

இதற்கு ஒரே வேலை: மெத்தை வாங்கும் நிலையில் உள்ள புதியவர்களின் மனதில் உங்கள் பெயரையும் இலவம்பஞ்சையும் சேர்த்துப் பதிப்பது. மாநிலம் முழுக்க வேண்டாம், மதுரையும் கோவையும் மட்டும். திருச்சி, சேலத்தில் இந்தக் கேம்பெயின் ஓடவே கூடாது, காரணம் பிறகு.

நோக்கம் அவேர்னஸ், அதில் ரீச், அதாவது சேரும் ஆட்களின் எண்ணிக்கையை அதிகமாக்கும் தேர்வு. அங்கே எத்தனை முறை காட்டுவது என்று கட்டுப்படுத்தும் இடத்தில் `Cap`, `Target` என்று இரண்டு உண்டு. `Cap` உச்சவரம்பு மட்டும்; அதை வைத்தால் மெட்டா மறுபடியும் 1.3 தடவையாகத் தெளித்துவிடலாம். `Target` எடுத்து 7 நாளுக்கு 2 முறை என்று வையுங்கள். உங்கள் கணக்கில் அது இல்லையென்றால், மதுரை முழுவதற்குப் பதில் சில பகுதிகளாக இடத்தைச் சுருக்குங்கள். உங்கள் பழைய செலவு ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 60 ரூபாய். அந்த விலையில் 70,000 ரூபாய்க்கு 11.6 லட்சம் இம்ப்ரெஷன் கிடைக்கும். ஒருவருக்கு மாதம் ஆறு முதல் எட்டு முறை என்றால் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர். 7.5 லட்சத்தைவிடக் குறைவாகத் தெரியும். அந்தக் குறைவு வேண்டியதே.

வாரந்தோறும் பார்க்க வேண்டியவை மூன்று. குறித்த முறை எண்ணிக்கையோடு ஆயிரம் பேரைச் சேர எவ்வளவு ஆகிறது; முதல் 3 நொடியைத் தாண்டிப் பார்த்தவர்கள் நூற்றுக்கு எத்தனை; `ThruPlay` எத்தனை, அதாவது முழுக்கவோ குறைந்தது 15 நொடியோ பார்த்தவர்கள். ஆர்டர், ரோஆஸ் நெடுவரிசைகளை இந்தக் கேம்பெயினின் அறிக்கையிலிருந்தே எடுத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் மறுபடியும் நிறுத்தத் தோன்றும்.

முதல் 3 நொடி ஏறவில்லை என்றால் தொடக்கக் காட்சி சரியில்லை. அது ஏறியும் பெயர் பதியவில்லை என்றால், பெயர் கடைசியில் வருகிறது என்று பொருள். பாதிப் பேர் கடைசி வரை வரமாட்டார்கள். காயை உடைத்துப் பஞ்சு எடுக்கும் காட்சி கண்ணைப் பிடிக்கும், ஆனால் அதோடு உங்கள் பெயர் தெரியாவிட்டால் பொதுவாக இலவம்பஞ்சுக்கு நீங்கள் காசு கொடுத்து விளம்பரம் செய்ததாக ஆகும்.

நடுக் கேம்பெயின்: மாதம் 90,000

வீடியோவில் பாதிக்கு மேல் பார்த்தவர்கள், இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு வந்தவர்கள், சைட்டுக்கு வந்தும் பின்கோடு போடாதவர்கள். இவர்களுக்கு மெத்தை பிடித்திருக்கிறது, சந்தேகம் தீரவில்லை. பஞ்சு சில மாதத்தில் கட்டி கட்டியாகிவிடுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வெயிலில் போட வேண்டும், 78-க்கு 60 கட்டிலுக்கு எத்தனை கிலோ பஞ்சு, உறையைக் கழற்றித் துவைக்கலாமா, ஃபோம் மெத்தையைவிடக் கனமா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விளம்பரம். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் கேட்டதை அப்படியே தலைப்பாக வையுங்கள். அதைவிட நல்ல வாசகம் யாராலும் எழுத முடியாது. கட்டி பிடிக்கும் என்பதை மறைக்காமல், எப்படித் தட்டி வெயிலில் வைத்தால் சரியாகும் என்று காட்டுங்கள். பிறகு திரும்பி வரும் பெட்டிகளும் குறையும்.

முதுகுவலி தீரும் என்று எழுதிவிட வேண்டாம். நிரூபிக்க முடியாத உடல்நல வாக்குறுதி தவறான விளம்பரம் ஆகிவிடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்தக் கேம்பெயினை கிளிக் குறைந்த விலையில் வேண்டும் என்று அமைத்துவிடாதீர்கள். அப்படி அமைத்தால் கை தவறித் தொட்டவர்களும், பக்கம் திறக்குமுன் திரும்பியவர்களும் குவிவார்கள், கிளிக் மட்டும் 2 ரூபாய்க்கு அழகாகத் தெரியும். `pincode_check` நடக்க வேண்டும் என்றே அமையுங்கள். ஒரு ஆட் செட், அதாவது கேம்பெயினுக்குள் ஒரே ஆட்களைக் குறிவைக்கும் விளம்பரத் தொகுப்பு, நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வு வேண்டும் என்று மெட்டா சொல்கிறது. ஒரு சோதனைக்கு 40 ரூபாய் ஆனாலும் வாரம் 500-ஐத் தாண்டும் என்பதால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

அளக்க வேண்டியது ஒரு பின்கோடு சோதனைக்கு ஆன செலவு. துணைக்கு, சோதித்தவர்களில் 14 நாளுக்குள் மறுபடி சைட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர். செலவு குறைந்து திரும்பி வருவோரும் குறைந்தால், ஆர்வமில்லாத கூட்டத்தை விளம்பரம் இழுக்கிறது. மூன்று வாரம் ஓடாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கீழ்க் கேம்பெயின்: மாதம் 1,40,000

இங்கேதான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். சைட்டுக்கு வந்தவர்களுக்கே திரும்பக் காட்டும் விளம்பரத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டு. மாதம் 25,000 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு வாரம் 3 முறை, மாதம் 12 முறை போதும். அது 3 லட்சம் இம்ப்ரெஷன். அந்தச் சிறிய குழுவுக்கு ஆயிரத்துக்கு 150 ரூபாய் ஆனாலும் 45,000-ல் முடிந்துவிடும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு ரூபாயும் அதே ஆட்களைத் தொந்தரவு செய்யத்தான் உதவும். உங்கள் 9 தடவை வந்த வழி இதுவே.

அதனால் திரும்பக் காட்டுவதற்கு 40,000. கடந்த 180 நாளில் வாங்கியவர்களை விலக்கிவிடுங்கள். கூகுள் சர்ச்சில் 40,000, இலவம்பஞ்சு மெத்தை என்றும் உங்கள் பெயரைப் போட்டும் தேடுபவர்களுக்கு. மெத்தையின் பெயரைத் தட்டித் தேடுபவர் பாதி தூரம் வந்துவிட்டார், அவரை விடக் கூடாது. இதில் உங்கள் பெயரைத் தேடுவோருக்கு மட்டும் ஒரு சிறு கேம்பெயினைத் தனியாக வையுங்கள். அதன் இம்ப்ரெஷனை ஊர்வாரியாகப் பார்க்கலாம் என்பதால் மேல் கேம்பெயினுக்கும் அது ஒரு துப்பு. மீதி 60,000 புதியவர்களை நோக்கிய சேல்ஸ் கேம்பெயின், ஒரே ஆட் செட்டாக. வாரம் 50 ஆர்டர் வராத அளவில் இதை வயது, ஊர் என்று உடைத்தால் எதுவுமே நிலைபெறாது. போதிய ஆர்டர் இல்லாமல் இன்னும் நிலைபெறவில்லை என்று சொல்லும் `Learning limited` காட்டினால் பதற வேண்டாம், உங்கள் அளவில் அது இயல்பு.

அளவுகோல், டெலிவரி ஆகி நின்ற ஆர்டருக்கு ஆன செலவு. ஒவ்வொரு திங்களும் மூன்று வாரத்துக்கு முந்தைய வாரத்தின் ஆர்டர்களை எடுத்து, திரும்பி வந்ததைக் கழித்து எண்ணுங்கள்.

இந்தக் கேம்பெயினிடம் முன்பைவிட அதிகம் எதிர்பார்க்க வேண்டும். மேல் கேம்பெயினும் நடுக் கேம்பெயினும் சேர்ந்து 1,60,000 எடுத்துக்கொள்கின்றன. 95 ஆர்டருக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 1,684 ரூபாய். 4,144-ல் அதைக் கழித்தால் கீழே செலவழிக்க மிஞ்சுவது 2,460. ரோஆஸில் அது 5.7. பழைய பழக்கத்தில் 3.5 வந்தாலே நல்லது என்று இருந்தீர்கள் என்றால், மற்ற இரண்டின் செலவை யாரும் கட்டவில்லை என்று பொருள். ஆர்டர் கூடக் கூட இந்த வரம்பு தளரும்.

எட்டு வாரம் கழித்து

திருச்சி, சேலத்தை ஏன் விட்டோம் என்பது இங்கே. முன்னும் பின்னும் ஒப்பிட்டால் உங்கள் தொழிலில் ஏமாந்துவிடுவோம். கட்டில், மெத்தை சீர்வரிசையில் போகும் பொருள். மார்கழியில் தொடங்கித் தையில் அளந்தால் எந்த விளம்பரமும் வெற்றி பெற்றதாகவே தெரியும். கல்யாண மாதம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான் என்பதால், ஊரோடு ஊரை ஒப்பிட்டால் அது அடிபட்டுப் போகும். நீங்கள் கீழே பட்ஜெட்டைக் குறைத்ததும் அப்படியே.

ஒரு எடுத்துக்காட்டு. விளம்பரத்துக்கு முந்தைய நான்கு வாரத்தில் மதுரை, கோவையில் 900 பின்கோடு சோதனை, திருச்சி, சேலத்தில் 600. விகிதம் ஒன்றரை. எட்டு வாரம் ஓடிய பிறகு திருச்சி, சேலத்தில் 1,300 வந்திருந்தால், விளம்பரம் இல்லாமலே மதுரை, கோவையில் 1,950 வந்திருக்கும். அங்கே வந்தது 3,450 என்றால் கூடுதல் 1,500. நூற்றுக்கு மூன்று வீதம் 45 ஆர்டர், 1,86,480 ரூபாய். செலவு, மேல் கேம்பெயினுக்கு 1,40,000. வீடியோ பார்த்தவர்கள் கூடியதால் நடுக் கேம்பெயின் அந்த ஊர்களில் கூடுதலாக எடுத்தது 30,000 என்று வையுங்கள். 16,480 நிற்கிறது. பெரிய லாபம் இல்லை. ஆனால் எட்டாம் வாரத்தில் பார்த்தவர் இன்னும் வாங்கவில்லை, அதனால் தொடரலாம். கூடுதல் 500 மட்டும் என்றால் 15 ஆர்டர், 62,000 ரூபாய். அந்த வீடியோவை நிறுத்துங்கள், ஆதாரத்தோடு.

இதே கணக்கை ஆர்டரை வைத்துப் போடாததற்குக் காரணம் எண்ணிக்கை. ஒரு மாவட்டத்தில் மாதம் 8 ஆர்டர் 11 ஆனால் அது தற்செயலாகவும் நடக்கும். ஆனால் நூற்றுக்கு மூன்று என்ற விகிதம் அந்த ஊர்களில் கீழே இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை இரட்டிப்பாகி ஆர்டர் அசையவில்லை என்றால், வந்த பின்கோடுகளைப் புரட்டுங்கள். டெலிவரி இல்லாத ஊர்களாக இருக்கும், அல்லது பார்சல் வாடகை கடைசிப் பக்கத்தில் முளைக்கும். அது விளம்பரத்தால் சரியாகாது. வேறொன்றும் நடக்கலாம்: கீழே ரோஆஸ் 7, 8 என்று ஏறும், மொத்த ஆர்டர் 95-லேயே நிற்கும். எப்படியும் வாங்க வந்தவர்களைக் கீழ்க் கேம்பெயின் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது என்று அர்த்தம். அப்போது திரும்பக் காட்டும் 40,000-ஐ இரண்டு வாரம் 20,000 ஆக்கிப் பாருங்கள். மொத்தம் குறையாவிட்டால் அந்தப் பணம் மேலே போகட்டும்.

தம்பியின் பயமும் நியாயம்தான்

கீழே இருந்து 1,60,000-ஐ ஒரே நாளில் எடுத்தால் முதல் மூன்று, நான்கு வாரம் ஆர்டர் குறையக் கூடும், மேலே போட்டது பலன் தர அதற்குமேல் ஆகும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு தவணையாக மாற்றுங்கள். எட்டு வாரக் கணக்கு இரண்டாவது தவணையிலிருந்து தொடங்கட்டும். அந்த இடைவெளியில் பஞ்சுக்கும் தையல் கூலிக்கும் கைமுதல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் தள்ளிப் போடுவதில் தவறில்லை. உங்கள் பட்ஜெட் மாதம் 50,000 ஆக இருந்திருந்தால் மூன்றாகப் பிரிக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்த அளவில் ஒரு சேல்ஸ் கேம்பெயினும் கூகுள் சர்ச்சும் போதும்.

ஏஜென்சியோடு பேசும்போது, தொடங்குமுன்பே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு கேம்பெயினுக்கும் எந்த எண், எத்தனை வாரம் கழித்து, எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது. செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குகிறார்கள் என்றால், செலவைக் குறைக்கச் சொல்ல அவர்களுக்கு ஆர்வம் இருக்காது; மாதாந்திரக் கட்டணமாக மாற்றக் கேளுங்கள். விளம்பரக் கணக்கும், சைட்டில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் பிக்சலும் உங்கள் பெயரில் உள்ள பிசினஸ் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். அவர்கள் பெயரில் இருந்தால், முதலில் அவற்றை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்ற முடியாதென்றால் உங்கள் பெயரில் புதிதாகத் தொடங்குங்கள். பின்கோடு எண்ணும் நான்கு வாரம் அந்தக் கணக்கில்தான் தொடங்க வேண்டும்.